சாதி, மதம், மாற்றுத்திறன் கேட்கும் ‘கட்டாயமில்லை’ படிவம்: எதை நிரப்பலாம், எதை விடலாம்?

வேலைக்கு விண்ணப்பத்தை அனுப்பி முடித்த கையோடு இன்னொரு பக்கம் திறக்கிறது. “எங்கள் நிறுவனத்தில் எல்லாத் தரப்பினரும் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே இந்தக் கேள்விகள். பதில் சொல்வது கட்டாயமில்லை. தேர்வுக்கு இதைப் பயன்படுத்த மாட்டோம்” என்று மேலே இரண்டு வரி. கீழே சமூகப் பிரிவு, மதம், மாற்றுத்திறன் என்று மூன்று கட்டங்கள். சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்குப் போட்டவர்களும் கேட்கிறார்கள், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போட்டவர்களும் கேட்கிறார்கள்: நிரப்பினால் கழித்துக் கட்டிவிடுவார்களா? நிரப்பாமல் விட்டால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்களா?

இரண்டு பயமும் நியாயமானவைதான். வீட்டில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “ஸ்கூல்ல கேட்டாங்க, காலேஜ்ல கேட்டாங்க, எழுதுனோம்ல? இங்கயும் எழுதிப்போடு கண்ணு.” பெற்றோரின் அனுபவத்தில் அது சரி. சாதிச் சான்றிதழைக் காட்டினால் சீட்டு கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது. ஆனால் தனியார் வேலையில் சட்டப்படியான இடஒதுக்கீடு சாதிக்கும் கிடையாது, மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதம் அரசுப் பணிகளுக்கு மட்டும்தான். பள்ளிப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஓர் அரசாணை இருந்தது; இந்தப் படிவத்தில் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே.

ஒரு படிவம் என்று மொத்தமாகப் பார்க்காமல், மூன்று தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பாருங்கள். நான் சில ஆண்டுகள் கோவையில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். மூன்றுக்கும் ஒரே பதில் பொருந்துவது அபூர்வம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, பதிலோடு உங்கள் பெயரும் போகிறதா? இரண்டாவது, பதில் சொன்னால் உங்கள் கைக்கு ஏதாவது வருமா? மூன்றாவது, இன்று எழுதுவது உங்கள் சான்றிதழ்களோடு ஒத்துப்போகுமா, பின்னால் தொந்தரவு தருமா?

இதில் முதலாவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய நிறுவனத்தின் சொந்த விண்ணப்பத் தளத்தில், ஒழுங்காக அமைத்திருந்தால், இந்தப் பதில்கள் தனியாகப் போய்ச் சேரும். நேர்காணல் எடுப்பவரின் திரையில் அவை தெரியாது. மேலிடத்துக்கு மொத்தக் கணக்காக மட்டும் போகும். ஆனால் நம் பக்கம் நிறைய வேலைகள் கன்சல்டன்சி வழியாகத்தான் வருகின்றன. அவர்கள் அனுப்புவது கூகுள் ஃபார்ம். அதன் பதில்கள் ஒரு எக்செல் தாளில் விழும்: பெயர், போன் எண், ஊர், படிப்பு, அதற்கு அடுத்த கட்டத்திலேயே சாதி. அந்தத் தாள் அப்படியே வாட்ஸ்அப்பில் நிறுவனத்துக்குப் போகும், அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்துக்கும் போகும். “தேர்வுக்குப் பயன்படுத்த மாட்டோம்” என்று எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் தாளைத் திறப்பவர் கண்ணை மூடிக்கொண்டு திறக்க முடியாதல்லவா?

எப்படிக் கண்டுபிடிப்பது? படிவத்தின் தலைப்பகுதியில் “Record … as the email to be included with my response” என்பது போல உங்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்யும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெயரில்லாத படிவம் அல்ல. பெயர், போன் எண், ரெஸ்யூமே கேட்கும் அதே படிவத்திலேயே சாதியும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். உங்களுக்கென்று தனியாக வந்த லிங்க்கின் கடைசியில் உங்கள் விண்ணப்ப எண் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான்.

பெயரே கேட்காத படிவத்திலும் ஒரு ஓட்டை உண்டு. ஐந்து பேரை மட்டும் அழைத்த ஒரு வேலைக்கு, பாலினம், பிறந்த ஆண்டு, தாலுகா, சமூகம் என்று நான்கு கேள்வி கேட்டால், அந்தியூரிலிருந்து வந்த ஒரே பெண் யார் என்று கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லை. ஆட்கள் குறைவாகவும் கேள்விகள் அதிகமாகவும் இருந்தால், அது பெயரோடு எழுதிக் கொடுத்ததற்குச் சமம்.

## வழி 1: எல்லாவற்றையும் நிரப்புவது

இது பொருந்தும் இடங்கள் உண்டு. நிறுவனம் ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும்: பட்டியலின, பழங்குடிப் பட்டதாரிகளுக்கான பயிற்சி வேலை, மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு ஆள்சேர்ப்பு என்று ஏதாவது. அப்போது அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் அந்த வரிசையில் உங்கள் பெயர் வரும். நிரப்பாமல் விட்டுவிட்டு, பின்னால் “நானும் அந்தப் பிரிவுதானுங்க” என்று போன் செய்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். இந்தியத் தொழில் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் பட்டியலின, பழங்குடியினரைச் சேர்த்துக்கொள்ளத் தாங்களாகவே நடத்தை நெறிகளை வகுத்திருக்கின்றன. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஆண்டுக் கணக்குக்காக இந்த எண்ணிக்கையை எடுப்பதுண்டு. ஆனால் கணக்கில் சேர்வதும் வேலை கிடைப்பதும் வேறு வேறு.

கண்ணுக்குத் தெரியாத செலவு சாதிக் கேள்வியில்தான் அதிகம். 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிடக் குறைவு. வடக்கே பெயரின் பின்பாதியே சாதியைச் சொல்லிவிடும். இங்கே அப்படியில்லை. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டதிலிருந்து, நம் ரெஸ்யூமேயில் இருப்பது இனிஷியல் மட்டும்தான். பெயரால் சாதி தெரியாத மாநிலத்தில், இந்தப் படிவம் அதைத் திரும்பவும் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. கொங்குப் பகுதியில் நேர்காணலில் “எந்த ஊருங்க? அந்த ஊர்ல யார் வீடு?” என்று விசாரிப்பதும், சில இடங்களில் “எந்தக் கூட்டம்?” என்று குலப்பிரிவைக் கேட்பது வரை போவதும் நமக்குப் பழக்கம்தான். அந்த விசாரணைக்கு வேலை வைக்காமல் நாமே எழுதிக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

அப்புறம், சான்றிதழோடு பொருந்தும் விஷயம். இந்தப் படிவங்களில் பெரும்பாலும் General, OBC, SC, ST என்று அகில இந்தியப் பிரிவுகள் இருக்கும். நம் சான்றிதழில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி.ஏ. என்று இருக்கும். அருந்ததியர் என்றால் படிவத்தில் எஸ்.சி. என்பதே சரி, எஸ்.சி.ஏ. என்பது தமிழ்நாட்டில் எஸ்.சி.க்குள் இருக்கும் உள் ஒதுக்கீடு. கொங்கு வேளாளர் உட்படப் பி.சி. பிரிவில் பலர் “நாங்க ஃபார்வர்டுதானே” என்று General போடுகிறார்கள். சான்றிதழில் பி.சி. என்றால் இங்கே OBC என்பதுதான் பொதுவாகப் பொருந்தும்.

மதமும் சாதியும் சேரும் இடம்தான் சிக்கலானது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களை மட்டுமே பட்டியலினத்தவராகக் கருத முடியும். கிறித்தவத்துக்கு மாறிய பட்டியலினக் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ்தான் கிடைக்கும். ஒரே படிவத்தில் எஸ்.சி. என்றும் கிறித்தவர் என்றும் இரண்டையும் எழுதினால், அது உங்கள் கையாலேயே எழுதிய ஒரு முரண்பாடு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே வேலைக்காக மட்டும் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட ஒரு வழக்கில் அதை மறுத்துவிட்டது. யாரோ கன்சல்டன்சி கேட்டதற்காக இப்படி ஒரு தாளை உருவாக்க வேண்டிய அவசியம் இல்லை.

## வழி 2: ‘சொல்ல விரும்பவில்லை’

படிவத்தில் “Prefer not to say” என்று ஒன்று இருந்தால், வெறுமனே விடுவதைவிட அதைத் தேர்ந்தெடுப்பது மேல். வெற்றுக் கட்டத்தைச் சில தளங்கள் முடிக்காத விண்ணப்பமாகக் கருதி நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கன்சல்டன்சிக்காரரோ போனைப் போட்டு “ஒண்ணு விட்டுப்போச்சுங்க, சொல்லுங்க” என்பார். அப்போது வாயால் சொல்லிவிடுவோம். தேர்ந்தெடுத்துவிட்டால் அது ஒரு பதில், அதோடு முடிந்தது.

மதத்துக்கு இதுதான் என் பரிந்துரை, ஏறக்குறைய எப்போதும். மதத்தைச் சொல்வதால் தனியார் வேலையில் கிடைக்கும் பலன் எதையும் நான் பார்த்ததில்லை. பண்டிகை விடுப்பு, தொழுகை நேரம், சாப்பாடு போன்றவை வேலையில் சேர்ந்தபின் பேசிக்கொள்ளும் விஷயங்கள். பெயரே மதத்தைச் சொல்லிவிடும் முஸ்லிம், கிறித்தவ விண்ணப்பதாரர்களுக்கு இந்தக் கட்டத்தால் லாபமும் இல்லை, மறைப்பதால் பெரிய பாதுகாப்பும் இல்லை.

சாதிக்கு இது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். இருபது பேர் நிரப்பிய தாளில் பதினெட்டுப் பேர் OBC என்று போட்டு, இரண்டு பேர் மட்டும் சொல்ல விரும்பவில்லை என்றால், பார்ப்பவர் அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இழக்க எதுவும் இல்லாத பெரும்பான்மைச் சாதிப் பிள்ளைகளும் இதையே தேர்ந்தெடுத்தால்தான் மற்றவர்களுக்கு இந்தக் கட்டம் மறைவாக இருக்கும். எழுதுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றால், நீங்கள் எழுதாமல் இருப்பதாலும் ஒன்றும் ஆகாது.

பொய்யாக வேறு பிரிவைப் போடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. மாற்றுத்திறன் விஷயத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டிச் சலுகை பெற்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

## வழி 3: மாற்றுத்திறனுக்கு மட்டும் பதில்

மூன்று கேள்விகளில் சட்டத்தின் ஆதரவு ஓரளவு இருப்பது இதற்குத்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2017 விதிகளும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், அதற்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு எந்த வேலைகள் பொருந்தும், எப்படித் தேர்வு நடக்கும், என்ன வசதிகள் உண்டு என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். அது நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் “ஆம்” என்று நிரப்புவதில் அர்த்தம் இருக்கிறது. கேட்டும் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் படிவத்தை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. படிவத்தில் “ஆம்” என்று போட்டுவிட்டால் நேர்காணலில் தேவையான வசதி தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. படிவம் சொன்னபடி ஒழுங்காக நடந்தால், உங்கள் பதிலை நேர்காணல் எடுப்பவர் பார்க்கவே மாட்டார். வசதி வேண்டுமென்றால் தனியாக, உங்கள் பெயரோடு, எழுத்தில் கேட்க வேண்டும். சதவீதத்தையோ மருத்துவ விவரத்தையோ எழுதத் தேவையில்லை. என்ன வேண்டும் என்பது போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லலாம்.

> வணக்கம். கணக்குப் பிரிவுப் பணிக்கு விண்ணப்பித்துள்ளேன். எனக்குக் கேட்புக் குறைபாடு உள்ளது. யூடிஐடி அட்டை இருக்கிறது. தொலைபேசி நேர்காணலுக்குப் பதிலாக நேரில், அல்லது எழுத்து வரிகள் தெரியும் வீடியோ அழைப்பில் நேர்காணல் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு, குறிப்பாக மனநலம், கற்றல் குறைபாடு போன்றவை இருப்பவர்கள் நேர்காணலுக்கு எந்த வசதியும் தேவையில்லை என்றால் இந்தக் கட்டத்தில் அவசரப்பட வேண்டாம். இவையும் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் வருபவைதான். ஆனால் அலுவலகத்தில் அவற்றைப் பற்றிப் பரவும் பேச்சைச் சட்டத்தால் தடுக்க முடியாது.

## வழி 4: வேலை உறுதியான பின் சொல்வது

இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. சேரும்போது டி.சி. நகல் எப்படியும் மனிதவளத் துறைக்குப் போகும். அதில் சமூகமும் மதமும் குறித்திருக்கலாம். ஆகவே என்றென்றைக்கும் மறைப்பது நம் நோக்கமல்ல. உங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் அந்தத் தகவல் மேசையில் இல்லாமல் இருந்தால் போதும்.

மாற்றுத்திறனுக்கு இது இன்னும் பொருந்தும். சேர்ந்தபின் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் பெயர், குறைபாட்டின் தன்மை, தரப்பட்ட வசதிகள் ஆகியவற்றை நிறுவனம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்போது சொல்வதற்கு ஒரு காரணமும் ஒரு கோப்பும் உண்டு. குறை என்னவென்றால், நேர்காணலுக்கே வசதி தேவைப்படுபவர்களுக்கு இந்த வழி உதவாது. சிறப்பு ஆள்சேர்ப்பு வரிசையும் கை நழுவிப் போகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | சொன்னால் கிடைப்பது | போகக்கூடியது | பெயர் ஒட்டும் படிவத்தில் | பெயர் ஒட்டாத படிவத்தில் |
|---|---|---|---|---|
| சாதி | அறிவித்த திட்டம் இருந்தால் மட்டும் வாய்ப்பு | நேர்காணலுக்கு முன்பே ஓர் எண்ணம் உருவாகும் | திட்டம் இருந்தால் சான்றிதழில் உள்ளபடி, இல்லையென்றால் சொல்ல விரும்பவில்லை | திட்டம் இருந்தால் சான்றிதழில் உள்ளபடி |
| மதம் | ஒன்றுமில்லை | சாதிப் பதிலோடு முரண்படலாம் | சொல்ல விரும்பவில்லை | சொல்ல விரும்பவில்லை |
| மாற்றுத்திறன் | சிறப்பு ஆள்சேர்ப்பு. வசதியைத் தனியே கேட்க வேண்டும் | திறமையைக் குறைத்து எடைபோடுவது | வசதி தேவையென்றால் தனிக் கடிதம் | கொள்கை இருந்தால் ‘ஆம்’ |

## ஒரு பெண், இரண்டு படிவங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்திருக்கிறார். இரண்டு காதிலும் கேட்புக் குறைபாடு, கருவி அணிகிறார், யூடிஐடி அட்டையில் 50 சதவீதம். சான்றிதழ் எஸ்.சி.ஏ. அவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு படிவங்கள் வருகின்றன.

ஒன்று, திருப்பூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பனியன் நிறுவன அலுவலகத்துக்காகக் கன்சல்டன்சி அனுப்பிய கூகுள் ஃபார்ம். மேலே அவருடைய மின்னஞ்சலைப் பதிவு செய்யும் வரி இருக்கிறது; பெயர், போன், ரெஸ்யூமே, சாதி எல்லாம் ஒரே பக்கத்தில். எந்தத் திட்டமும் அறிவிக்கப்படவில்லை. சாதி, மதம் இரண்டுக்கும் சொல்ல விரும்பவில்லை. மாற்றுத்திறன் கட்டத்திலும் அப்படியே. இந்தத் தாள் எத்தனை நிறுவனங்களுக்குப் போகும் என்று தெரியாது. ஆனால் கன்சல்டன்சி போன் நேர்காணல் வைத்தால் கேட்காமல் திணறுவார். திணறியதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் அழைப்பு வந்த அன்றே மேலே உள்ள கடிதத்தை நேராகத் திருப்பூர் நிறுவனத்துக்கு அனுப்புகிறார். நாற்பது பேர் என்பதால் அவர்களுக்கும் சமவாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும். இருக்கிறதா என்று அதே கடிதத்தில் ஒரு வரி கேட்கலாம், சண்டை தொனியில்லாமல்.

இரண்டாவது, சரவணம்பட்டியில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. விண்ணப்பம் சொந்தத் தளத்தில். கேள்விகள் தனிப் பக்கத்தில், பெயர் கேட்கவில்லை. சமவாய்ப்புக் கொள்கை இணையதளத்தில் இருக்கிறது, தொடர்பு அலுவலரின் முகவரியும் இருக்கிறது. மாற்றுத்திறனுக்கு ‘ஆம்’. தொடர்பு அலுவலருக்குத் தனியாக அதே கடிதம். மதத்துக்குச் சொல்ல விரும்பவில்லை. சாதியில்தான் யோசிக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கான திட்டம் எதுவும் அந்தத் தளத்தில் இல்லை. எஸ்.சி. என்று போட்டால் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு சரியாகும். அவருக்கு அதனால் எதுவும் மாறாது. கணக்கில் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்தால் போடலாம், அது அவர் விருப்பம். நானாக இருந்தால் வேலையில் சேர்ந்தபின் ஊழியர்களுக்கு வரும் ஆண்டுக் கணக்கெடுப்பில் போடுவேன்.

## கேட்டுப் பார்க்கவும், திரும்பப் பெறவும்

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்கலாம்: “இந்தப் பதில்களை யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்?” ஒழுங்காக நடத்துபவர்களிடம் இதற்குத் தயாராகப் பதில் இருக்கும். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சும்மா ஃபார்மாலிட்டிக்கு” என்று வந்தால், அந்தப் படிவத்தைப் பெயர் ஒட்டிய படிவமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டவர்கள் அனுப்பியவருக்கே எழுதி, சாதி, மதம், மாற்றுத்திறன் பதில்களை மட்டும் நீக்கச் சொல்லலாம். விண்ணப்பம் தொடரட்டும் என்று சேர்த்து எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை இது கோரிக்கைதான். இருந்தாலும் எழுத்தில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனைக் காரணம் காட்டி மறுத்ததாகப் பின்னால் தெரியவந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ, சென்னையில் உள்ள மாநில ஆணையரிடமோ புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது இந்தக் கடிதப் போக்குவரத்தைத்தான்.